வாடகை வீட்டு அட்வான்ஸ்: கொடுக்கும் முன்பே எழுதி வாங்குங்கள்

வீட்டைக் காலி செய்யும் நாளில் அட்வான்ஸ் பற்றி எழும் சண்டைகள் பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் தொடங்குகின்றன. "பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுப்பேன்" என்பது ஒன்று. "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தர்றேன்" என்பது மற்றொன்று. இந்த இரண்டுக்கும் பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் பதில் வாங்கிவிட வேண்டும். அட்வான்ஸ் உங்கள் கையில் இருக்கும்வரைதான் பேச்சுவார்த்தையில் உங்களுக்கு வலு இருக்கும்.

1. சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அந்த வரம்பு பொருந்தாது. அதனால்தான் ஐந்து மாதம், பத்து மாதம் என்று கேட்பது இன்னும் நடக்கிறது. வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் மீதியைத் திருப்பித்தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நீங்கள் கேட்கப்போவது சலுகையில்லை, சட்டத்தில் இருப்பதுதான்.

2. முதலில் நேரில் பேசுங்கள்

எடுத்த எடுப்பில் கடிதம் நீட்டினால் வீட்டுக்காரர் சுணங்குவார். வீடு பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டு இப்படிக் கேளுங்கள்: "சார், காலி பண்ணும்போது எதுக்கெல்லாம் பிடிப்பீங்க? பெயிண்டிங்குக்கு உண்டா? மீதியை எப்போ தருவீங்க?"

"எங்களை நம்ப மாட்டீங்களா?" என்று அவர் கேட்கலாம். "அதுக்கில்லை சார். நாளைக்கு உங்க பையன் வீட்டைப் பார்த்துக்கிட்டாலும் இதே கணக்கு இருக்கும், அதுக்குத்தான்" என்று சொல்லுங்கள். வீடு கைமாறினாலும் பிள்ளைகள் பொறுப்புக்கு வந்தாலும், வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இருக்காது.

3. அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்

பேசியதை அதே நாளில், அவர் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள். மாதிரி:

"வணக்கம் சார். இன்று பேசியபடி: மாத வாடகை ரூ.15,000, அட்வான்ஸ் ரூ.1,00,000. காலி செய்யும்போது வாடகை பாக்கி, கரண்ட் பில் பாக்கி, எங்களால் ஏற்பட்ட சேதத்தின் ரிப்பேர் செலவு (பில்லுடன்) ஆகியவை மட்டும் கழிக்கப்படும். வழக்கமான புழக்கத்தில் சுவர் மங்கியதற்குப் பெயிண்டிங் பிடித்தம் கிடையாது. சாவி ஒப்படைத்த 30 நாளில், அடுத்த குடித்தனம் வந்தாலும் வராவிட்டாலும், மீதி என் வங்கிக் கணக்குக்கு வரும். சரிதானா சார்? பதில் அனுப்பினால் ஒப்பந்தத்திலும் சேர்த்துக்கொள்ளலாம்."

நீல டிக் விழுந்தால் போதாது. "சரி" என்ற பதில் வர வேண்டும். பெயிண்டிங் பிடிப்பேன் என்பதில் அவர் உறுதியாக இருந்தால், "ஒரு மாத வாடகை" என்பதை மட்டும் ஏற்காதீர்கள். "உண்மையான செலவு, பில்லுடன், இத்தனை ரூபாய்க்கு மேற்படாமல்" என்று எழுதச் சொல்லுங்கள்.

4. ஒப்பந்தத்தில் ஏற்றுங்கள்

வாட்ஸ்அப் பதில் ஒரு சான்று, ஒப்பந்தத்துக்கு ஈடாகாது. அதே வரிகள் வாடகை ஒப்பந்தத்தில் வர வேண்டும். புரோக்கர் கொண்டுவரும் அச்சடித்த படிவத்தில் பெயிண்டிங் பிடித்தம் ஏற்கெனவே இருக்கலாம். இருந்தால் அதை அடித்துவிட்டு இருவரும் பக்கத்தில் கையெழுத்திடுங்கள். ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்வதும் அவசியம்.

அட்வான்ஸை வங்கி வழியாகவே அனுப்பி, குறிப்பில் "வீட்டு அட்வான்ஸ்" என்று எழுதுங்கள். ரொக்கமாகத்தான் வேண்டும் என்றால் கையெழுத்திட்ட ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள்.

5. குடியேறும் நாளில் படம் எடுங்கள்

ஏற்கெனவே உள்ள விரிசல், கசிவுக் கறை, உடைந்த சுவிட்ச், கரண்ட் மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் படமெடுத்து அதே வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். காலி செய்யும் நாளிலும் அதையே செய்யுங்கள்.

கணக்கு எப்படி வரும்?

மேலே சொன்ன வீட்டையே எடுத்துக்கொள்வோம். காலி செய்யும்போது கரண்ட் பில் பாக்கி ரூ.1,840. குழந்தை உடைத்த சுவிட்ச் பலகையை மாற்ற ரூ.600. கழிக்க வேண்டியது ரூ.2,440, திரும்ப வர வேண்டியது ரூ.97,560. எழுத்தில் இல்லாவிட்டால் பெயிண்டிங் என்று இன்னொரு ரூ.15,000 போகும், கைக்கு வருவது ரூ.82,560. அதுவும் எப்போது வரும் என்று தெரியாது.

ஏற்கெனவே குடியிருப்பவர்கள் காலி செய்வதாகத் தகவல் கொடுக்கும்போதே மேலே உள்ள வாட்ஸ்அப் செய்தியை அனுப்பிப் பதில் வாங்குங்கள். சாவியைக் கொடுத்த பிறகு கேட்பதைவிட அது பல மடங்கு நல்லது.