அதே பெயர், அதே படம். ஆள் மட்டும் வேறு!

மாமல்லபுரத்துக் கல் சிற்பங்களுக்கு 2017ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறெங்கோ செய்த சிலையை ‘மாமல்லபுரத்துச் சிற்பம்’ என்று பெயர் சொல்லி விற்பதற்கு அது தடை. ஆனால், அந்த ஊரில் உள்ள ஒரு சிற்பக் கூடத்தின் பெயரையும் அதன் நந்திச் சிலைப் படத்தையும் அப்படியே எடுத்து, சமூக வலைத்தளத்தில் ஒருவன் கணக்குத் தொடங்கினால் என்ன செய்வது? வெளியூர்க்காரர் ஒருவர் அதை நம்பி முன்பணம் அனுப்புவார். சிலை வராது. அவர் கோபத்துடன் கூப்பிடுவது உண்மையான சிற்பியைத்தான்.

இது நடக்காத கதை அன்று. இந்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் ஓர் எச்சரிக்கை விடுத்தது. யாத்திரிகர்களையும் சுற்றுலாப் பயணிகளையும் குறிவைத்து, விடுதி அறைக்கும் ஹெலிகாப்டர் பயணத்துக்கும் முன்பதிவு செய்வதாகப் போலி வலைத்தளங்களும் போலிச் சமூக வலைப் பக்கங்களும் பணம் பறிக்கின்றன என்பதே அந்த எச்சரிக்கை. பணம் போன பிறகு அந்தத் தொலைபேசி எண்கள் பதில் சொல்லா. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை விடுதிகளும் கடைகளும் நிறைந்த செங்கல்பட்டுக் கடற்கரைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

உரிமையாளர் தாமே தேடிக் கண்டுபிடிக்கக் கூடாதா? இங்கே ஒரு தந்திரம் இருக்கிறது. போலிக் கணக்குத் தொடங்குபவன் பெரும்பாலும் முதலில் உண்மையான கணக்கைத் ‘தடை’ செய்துவிடுவான். அதன்பின் உரிமையாளர் தம் கைப்பேசியில் எவ்வளவு தேடினாலும் அந்தப் போலி தென்படாது. ஊருக்கெல்லாம் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது! எனவே தேடும் வேலையை வேறொரு கணக்கின் வழியாகக் கணிப்பொறியிடம் ஒப்படைக்கிறார்கள். கணிப்பொறிக்குக் கண் கிடையாது. பெயரும் படமும் ஒத்திருப்பதை அது எப்படி அறியும்? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் பெயர். நம் கற்பனைச் சிற்பக் கூடத்தின் கணக்குப் பெயர் `mamallaikal` என்று வைத்துக்கொள்வோம். இப்பொழுது `rnamallaikal` என்ற பெயரைப் பாருங்கள். முதல் எழுத்து m அன்று. r, n என்ற இரண்டு எழுத்துகள் ஒட்டி நிற்கின்றன. சிறிய திரையில் வேறுபாடு தெரிகிறதா? நம் தமிழிலும் இந்த விளையாட்டு உண்டு. ‘கல்’, ‘௧ல்’ என்ற இரண்டையும் உற்றுப் பாருங்கள். முதலாவதில் இருப்பது ககரம். இரண்டாவதில் இருப்பது ஒன்று என்னும் தமிழ் எண்! கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றே. கணிப்பொறிக்கோ ஒருங்குறியில் முன்னது `0B95`, பின்னது `0BE7`. அகரத்துக்கும் எட்டு என்னும் எண்ணுக்கும், உகரத்துக்கும் இரண்டு என்னும் எண்ணுக்கும் இதே உறவுதான்.

ஆகவே ஒப்பிடுவதற்கு முன் பெயர்களைத் ‘தோலுரிக்க’ வேண்டும். புள்ளி, அடிக்கோடு முதலியவற்றை நீக்கி, பெரிய எழுத்துகளைச் சிறியதாக்கி, ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகளுக்கெல்லாம் ஒரே எழுத்தை இட்டுவிட வேண்டும். rn வந்தால் m. 0 வந்தால் o. ௧ வந்தால் க. இப்படித் தோலுரித்தால் `rnamallaikal`, `mamallai_kal` இரண்டும் நம் பெயராகவே மாறிவிடும். உரிமையாளரின் பெயரையும் இதே முறையில் உரிக்க மறக்கக்கூடாது. கர்ணன் என்பவருடைய கடைப் பெயரில் `karnan` என்று இருந்தால் அது `kaman` ஆகிவிடும். இருபுறமும் ஒரே வகையில் மாறினால்தான் ஒப்பீடு சரியாக அமையும்.

உரித்த பிறகும் எஞ்சும் வேறுபாட்டை அளக்க, ரஷ்ய அறிஞர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965இல் வெளியிட்ட அளவு ஒன்று பயன்படுகிறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க அல்லது மாற்ற வேண்டும்? அந்த எண்ணிக்கையே இரு சொற்களுக்கும் இடையிலுள்ள ‘தூரம்’. `mamallaikall` நம் பெயரிலிருந்து 1 தூரத்தில் உள்ளது, ஐயத்துக்குரியது.

ஆனால் இந்த அளவை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். `mamallapuramkal` என்பது பக்கத்துத் தெருவின் நேர்மையான கடை என்று கொள்வோம். அதன் தூரம் 5. `mamallaikal_orders` என்பது திருடனின் கணக்கு. அடிக்கோட்டை நீக்கிய பின் அதன் தூரம் 6. நல்லவன் கிட்டே, திருடன் எட்டே! ‘ஆர்டர்’, ‘புக்கிங்’ போன்ற ஒரு சொல்லைப் பின்னே ஒட்டுவது போலிகளுக்குப் பிடித்த வழியாதலால், நம் பெயர் முழுவதும் மற்றப் பெயருக்குள் அடங்கியிருக்கிறதா என்பதையும் தனியே சோதிக்க வேண்டும்.

இனிப் படத்துக்கு வருவோம். திருடன் எடுத்த படம் நம் படத்தின் நகல்தானே, இரண்டு கோப்புகளும் அச்சாக ஒன்றாக இருக்குமே என்று நினைக்கலாம். இராது. வலைத்தளம் ஒவ்வொரு படத்தையும் தன் அளவுக்குச் சுருக்கிச் சேமிக்கிறது. அவனும் சற்று வெளிச்சம் கூட்டியிருப்பான். ஒவ்வொரு புள்ளியின் எண்ணும் மாறிவிடும். மாறாமல் இருப்பது எது? எந்த இடம் பக்கத்து இடத்தைவிட வெளிச்சமானது என்ற உறவு பெரும்பாலும் மாறாது.

இந்த உறவைப் பிடிப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, குறுக்கே 9, நெடுக்கே 8 கட்டங்களாகச் சுருக்குகிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் 0 (முழுக் கறுப்பு) முதல் 255 (முழு வெள்ளை) வரை ஒரு வெளிச்ச எண் கிடைக்கும். வலப்பக்கத்துக் கட்டம் அதிக வெளிச்சமானால் 1 என்றும், இல்லையேல் 0 என்றும் எழுத வேண்டும். ஒரு வரிசையில் 9 கட்டங்கள் இருப்பதால் 8 ஒப்பீடுகள். 8 வரிசைக்கு 64. இந்த 64 இலக்கங்களே படத்தின் கைரேகை.

வரைபடத்தாளில் ஒரு வரிசையை நீங்களே செய்து பாருங்கள். நம் நந்திப் படத்தின் ஒரு வரிசை:

```
40 42 90 160 155 120 130 60 45  ->  11100100
```

வெளிச்சம் கூட்டிய திருட்டுப் படத்தின் அதே வரிசை:

```
62 61 112 181 176 139 152 80 66  ->  01100100
```

ஒன்பது எண்களும் மாறிவிட்டன. ஆயினும் கைரேகையில் ஒரே ஓர் இலக்கம்தான் வேறு. அதுவும் 40, 42 என்று ஏறக்குறையச் சமமாக இருந்த இடத்தில்! இவ்வாறு வேறுபடும் இலக்கங்களின் எண்ணிக்கைக்கு, 1950இல் அதைப் பற்றி எழுதிய ரிச்சர்டு ஹேமிங்கின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தொடர்பற்ற இரு படங்களில் 64இல் ஏறத்தாழப் பாதி, அதாவது 32 இலக்கங்கள் வேறுபடும். 10 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் ஒரே படம் என்று ஐயப்படலாம் என்பது வழக்கில் உள்ள எல்லை.

இந்தக் கைரேகையை ஏமாற்ற முடியாதா? முடியும். படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டால் போதும். நம் வரிசையைத் திருப்பிக் கணக்கிடுங்கள், `11011000` வரும். முன்னதுடன் ஒப்பிட்டால் 8இல் 4 வேறுபாடு. முற்றிலும் அந்நியப் படம் போல் தோன்றும். இதற்கு மாற்று எளிது. நம் படத்தின் திருப்பிய வடிவத்துக்கும் ஒரு கைரேகையை எடுத்து முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும். படத்தின் கால்பகுதியை வெட்டியெறிந்தால் கட்டங்களெல்லாம் இடம் பெயர்ந்துவிடும்; அப்போது இந்த முறை கைவிடும். தெளிந்த வானத்தைப் பின்னணியாகக் கொண்ட படங்களும் தொல்லைதான். வானம் முழுவதும் ஒரே வெளிச்சம் ஆதலால், அந்தப் பகுதியின் இலக்கங்கள் காற்றில் ஆடும் இலை போல மாறும்.

இன்னொரு தொல்லை, கடற்கரைக் கோயில்! நூற்றுக்கணக்கானோர் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்று அதைப் படம் பிடித்துத் தம் கணக்கில் வைக்கிறார்கள். அதையே தன் சின்னமாக வைத்த கடைக்குப் படத்தை மட்டும் பார்க்கும் சோதனை பயன்படாது. எனவே பெயரும் படமும் சேர்ந்து ஒத்தால் உடனே எச்சரிக்கை. ஒன்று மட்டும் ஒத்தால் பார்வைக்குரிய பட்டியல் என்று பிரிப்பதே நல்லது. உரிமையாளரின் மகன் முன்பு தொடங்கி மறந்துபோன கணக்கும் இதில் சிக்கும்! அத்தகையவற்றை ‘நம்முடையவை’ என்று தனியே குறித்து வைக்க வேண்டும்.

உலகிலுள்ள எல்லாக் கணக்குகளையும் துழாவ முடியாது. தளத்தின் தேடும் வசதியில் நம் பெயரையும் அதன் சில திரிபுகளையும் கொடுத்து, கிடைக்கும் சில நூறு கணக்குகளை மட்டும் சோதிக்கிறார்கள். தளம் அனுமதிக்கும் வழியிலும், அது விதிக்கும் அளவுக்குள்ளும்தான் இதைச் செய்ய வேண்டும். லினக்ஸ் கணிப்பொறியில் குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்க ஒரு வரி போதும்:

```
0 */6 * * * /home/kadai/scan.sh
```

நள்ளிரவு, காலை 6, நண்பகல், மாலை 6 என நான்கு முறை சோதனை நடக்கும். போலி எந்த நேரத்திலும் பிறக்கலாம் ஆதலால், சராசரியாக 3 மணி நேரமும், மிஞ்சிப்போனால் 6 மணி நேரமும் நம் கண்ணில் படாமல் இருக்கும். ஒரு நாளுக்கு ஒரு முறை மட்டும் சோதித்தால் இவை 12, 24 ஆகிவிடும்.

ஒரே கணக்கைப் பற்றி நாளுக்கு நான்கு முறை மணி அடித்தால் உரிமையாளர் சலித்துப்போய்ப் பார்க்காமலே விட்டுவிடுவார். எனவே முன்பே சொன்னவற்றை நினைவில் வைத்து, புதியதை மட்டும் சொல்ல வேண்டும். இதிலும் ஒரு குழி உண்டு. சிலர் முதலில் பூப்படத்துடன் ஏதோ ஒரு பெயரில் கணக்குத் தொடங்கி, சில வாரங்கள் கழித்துப் பெயரையும் படத்தையும் மாற்றுவார்கள். ‘இதை முன்பே பார்த்தாயிற்று’ என்று நிரல் தாண்டிப் போனால் திருடன் தப்பிவிடுவான். தளம் ஒவ்வொரு கணக்குக்கும் தரும் உள் எண் மாறாதது. அதைக் கொண்டு கணக்கை அடையாளம் வைத்து, அதன் பெயரும் படமும் மாறினால் மீண்டும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும்.

எச்சரிக்கை வந்ததும் உரிமையாளர் தாமே பார்த்து முடிவு செய்கிறார். போலி என்று உறுதியானால், அந்த உள் எண், முகவரி, நேரம், திரையின் படம் ஆகியவற்றுடன் தளத்துக்கு முறையிடலாம். யாரேனும் பணம் இழந்திருந்தால் 1930 என்ற எண்ணிலோ `cybercrime.gov.in` தளத்திலோ அவர் உடனே புகார் செய்ய வேண்டும். கணிப்பொறி வழியாக இன்னொருவர் போல் நடித்து ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. திரையின் படத்தை முதலிலேயே எடுத்துவிடுவது முக்கியம். முறையீடு போன மறு நிமிடம் போலி தன் படத்தை மாற்றிக்கொள்ளக் கூடும்.

எச்சரிக்கை எதுவும் வராத நாட்களில் என்ன பொருள் கொள்வது? போலி இல்லை என்றும் கொள்ளலாம். கடவுச்சொல் காலாவதியாகி நிரல் நின்றுபோயிற்று என்றும் கொள்ளலாம். ஆகையால் நாள்தோறும் காலையில் ‘நேற்று 4 சோதனை, 310 கணக்கு, புதியது 0’ என்பது போன்ற ஒரு வரிச் செய்தியை அனுப்பும்படி அமைக்கிறார்கள். அதில் 310 என்பது திடீரென்று 0 ஆகிவிட்டால், உரிமையாளர் பழுது பார்க்க வேண்டியது தம் நிரலைத்தான்.