இடித்தது வியாழன், வலிப்பது சனி

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. வயது 41. போன வாரம் வியாழக்கிழமை மாலை, தாம்பரத்தில் சிக்னலுக்காகக் காரை நிறுத்தியிருந்தபோது பின்னால் வந்த வேன் மோதிவிட்டது. பம்பர் மட்டும்தான் நசுங்கியது. தலை எதிலும் இடிக்கவில்லை. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை; மறுநாள் பள்ளிக்குக்கூடப் போனேன். சனிக்கிழமை காலையில் எழுந்தால் கழுத்தைத் திருப்பவே கஷ்டமாக இருந்தது. பின்மண்டை வரை வலி. அதைவிடப் பயமுறுத்துவது தலைச்சுற்றல். படுக்கையில் வலது பக்கம் புரண்டால் அறையே சுழல்கிறது. மற்ற நேரங்களில் நடக்கும்போது மிதப்பதுபோல ஒரு கிறுகிறுப்பு. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. ஆனால் ‘தேய்மானம் ஆரம்பம், கழுத்தின் வளைவு குறைந்துள்ளது’ என்று எழுதியிருக்கிறார்கள். காலர் போட்டுக்கொண்டு ஒரு மாதம் அசையாமல் இரு என்கிறார் மாமியார். சுளுக்கு எடுப்பவரிடம் போகலாம் என்கிறார் கணவர். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா? எப்போது சரியாகும் டாக்டர்?
— வாசகி, சேலையூர்

பதில்: மோதிய அன்று வலிக்காமல் இரண்டு நாள் கழித்து வலிப்பது இந்தக் காயத்தின் இயல்பு. இதை விப்லாஷ் என்கிறோம். பின்னாலிருந்து வண்டி இடிக்கும்போது இருக்கை உங்கள் முதுகை முன்னே தள்ளுகிறது. தலையோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. நடுவில் மாட்டிக்கொள்ளும் கழுத்து, கண் இமைப்பதற்குள் மேல்பாதி முன்னுக்கும் கீழ்பாதி பின்னுக்குமாக வளைந்து மீள்கிறது. கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள சிறு மூட்டுகளும் தசைகளும் அப்போது இழுபடுகின்றன. வீக்கமும் தசை இறுக்கமும் மெல்ல மெல்லத்தான் ஏறும். அதனால்தான் வெள்ளிக்கிழமை உங்களால் பள்ளிக்குப் போக முடிந்தது. கார் அதிகம் நசுங்கவில்லை என்பதற்காக ‘இதற்குப் போய் இவ்வளவு வலியா’ என்று யாராவது சொன்னால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். வண்டியின் சேதத்தை வைத்துக் கழுத்தின் சேதத்தை அளக்க முடியாது.

தலைச்சுற்றலைப் பற்றிச் சொல்லும் முன், எது வந்தால் காத்திருக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கழுத்தெலும்புகளின் ஊடே மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உட்சுவர் இப்படிப்பட்ட உலுக்கலில் எப்போதாவது கிழிவதுண்டு. அரிதுதான். ஆனால் அதன் அறிகுறிகளும் சில நாள் தாமதித்து வரலாம் என்பதால் இதை விட்டுவிட்டுப் பேச முடியாது. இதுவரை அனுபவித்திராத மாதிரி ஒரு பக்கக் கழுத்திலோ பின்தலையிலோ கடும் வலி, இரட்டைப் பார்வை, நாக்குக் குழறல், விழுங்கச் சிரமம், முகத்தில் ஒரு பாதி மரத்துப்போதல், ஒரு கண்ணிமை தொங்குதல், நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்தல்: இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழையுங்கள். கை கால்களில் மரமரப்பு, பலக்குறைவு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தொடர் வாந்தி, வழக்கமில்லாத தூக்கக் கலக்கம் ஆகியவற்றுக்கும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை.

நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு வேறு தலைச்சுற்றல்கள் இருப்பதாக எனக்குப் படுகிறது. படுக்கையில் புரளும்போது அறை சுழல்வது பெரும்பாலும் காதிலிருந்து வருவது. உள்காதில் நம்மைச் சமநிலையில் வைக்கும் உறுப்பில் மிகச் சிறிய சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதிர்ச்சியில் சில துகள்கள் பெயர்ந்து பக்கத்திலுள்ள அரைவட்டக் குழாய்க்குள் போய்விடும். தலையை ஒரு குறிப்பிட்ட பக்கம் சாய்த்ததும் அவை நகர்ந்து, உடம்பு சுழல்வதாக மூளைக்குப் பொய்த் தகவல் அனுப்பும். புரண்டு ஓரிரு நொடி கழித்துச் சுழற்சி தொடங்கி, தலையை அப்படியே வைத்திருந்தால் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறதா என்று கவனியுங்கள். அடங்கினால் அநேகமாக இதுதான்.

இதை உறுதிசெய்ய ஸ்கேன் தேவையில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் உங்களை மேசையில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று சாய்த்துப் படுக்கவைத்து, கண்விழி துடிக்கிறதா என்று பார்ப்பார். துடித்தால் அங்கேயே தலையைப் படிப்படியாகத் திருப்பி அந்தத் துகள்களை வெளியே உருட்டிவிடும் எப்ளி முறையைச் செய்வார். பலருக்கு ஓரிரு தடவையிலேயே சுழற்சி நின்றுவிடுகிறது. தலைச்சுற்றல் மாத்திரை குமட்டலைக் குறைக்கும், துகளை நகர்த்தாது. உங்களுக்குக் கழுத்து வலியும் இருப்பதால் வீடியோ பார்த்து வீட்டில் முயல வேண்டாம். கழுத்தில் அடி என்று முதலிலேயே சொல்லிவிட்டால், அதற்கேற்பக் கழுத்தை வளைக்காமல் உடம்போடு சேர்த்துத் திருப்பிச் செய்வார்.

நடக்கும்போது வரும் மிதப்பு வேறு சங்கதி. தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கழுத்துத் தசைகளும் மூட்டுகளும் மூளைக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அவை இறுகி வலிக்கும்போது அந்தச் செய்தி, கண்ணும் காதும் சொல்வதோடு பொருந்தாமல் போகிறது. கழுத்து இளக இளக இந்த மிதப்பும் குறையும்.

கழுத்து இளக வேண்டுமானால் காலர் வேண்டாம். மாமியாரின் அக்கறை எனக்குப் புரிகிறது. முன்பு மருத்துவர்களும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் முறிவு இல்லாத கழுத்தை அசைக்காமல் வைத்தால் தசை பலம் இழந்து இறுக்கம்தான் கூடும். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை இடமும் வலமும் மெதுவாக, வலி தொடங்கும் இடம்வரை, ஐந்தாறு தடவை திருப்புங்கள். வலி திருப்பவே விடாவிட்டால் மருத்துவர் சொன்ன வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு செய்யலாம். கரும்பலகையில் எழுதுவது, சமைப்பது எல்லாம் செய்யலாம். அடிக்கடி நிலையை மாற்றிக்கொண்டால் போதும். சுளுக்கு எடுப்பது, சலூனில் கழுத்தை நெட்டி முறிப்பது இரண்டும் கூடவே கூடாது. மேலே சொன்ன ரத்தக் குழாய் அந்த முறுக்கலிலும் கிழியலாம்.

எக்ஸ்ரேயில் இருக்கும் ‘தேய்மானம்’ உங்கள் வயதில் வலியே இல்லாதவர்களுக்கும் சாதாரணமாகத் தெரிவது. அது அந்த வேன் தந்ததல்ல. வளைவு குறைந்திருப்பதற்குத் தசை இறுக்கமே காரணமாக இருக்கலாம். கையில் மரமரப்போ பலக்குறைவோ இல்லாதவரை எம்.ஆர்.ஐ. இப்போது தேவையில்லை.

எப்போது சரியாகும்? முதல் வாரம்தான் மோசமானது. பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வாரங்களில் கழுத்து ஓரளவு திரும்பத் தொடங்கும். முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் நடந்துவிடும். ஏறக்குறையப் பாதிப் பேர் அதற்குள் முழுக்கக் குணமாகிவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு லேசான வலி இன்னும் சில மாதம் நீடிக்கலாம். ஒரு நாள் விடைத்தாள் திருத்திவிட்டு வந்தால் மறுநாள் வலி கூடும். ஓரிரு நாளில் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் அது புதுக் காயமல்ல, உடற்பயிற்சியை நிறுத்தவும் வேண்டாம். எந்த வாரத்தை எடுத்தாலும் அதற்கு முந்தைய வாரத்தைவிடக் கொஞ்சமாவது தேறியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆறு வாரம் ஆகியும் அப்படித் தேறவில்லை என்றாலோ, இப்போதே வலி பத்துக்கு ஆறு, ஏழு என்ற அளவில் இருந்தாலோ, தானாகச் சரியாகும் என்று காத்திராமல் பிசியோதெரபிஸ்ட்டிடம் போய்விடுங்கள். தொடக்கத்திலேயே வலி கடுமையாக இருப்பவர்களுக்குத்தான் அது நீடிக்கும் வாய்ப்பு அதிகம்.

தலைச்சுற்றல் முழுக்க நின்று, இரண்டு தோள்களுக்கு மேலாகவும் திரும்பிப் பார்க்க முடிகிற நாள்வரை காரோட்ட வேண்டாம். திரும்ப ஓட்டத் தொடங்கும்போது, இருக்கையின் தலைசாய்ப்பானின் மேல்விளிம்பு உங்கள் உச்சந்தலை மட்டத்துக்கு இருக்கும்படி உயர்த்தி, தலைக்கும் அதற்கும் நடுவே நாலு விரலுக்கு மேல் இடைவெளி இல்லாமல் இருக்கையை நிமிர்த்திக்கொள்ளுங்கள்.