மூன்று வருடம் கழித்து வரும் லட்சம் இன்று எத்தனை?

நம்மிடம் பதினைந்து வருடமாகப் பருப்பும் வத்தலும் எடுத்து வந்த ஒரு சில்லறைக் கடைக்காரர், கடையை மூடும் நிலையில் நம்மைப் பார்க்க வந்தார். நம் பேரேட்டில் அவர் பாக்கி சரியாக 1,00,000 ரூபாய். "அண்ணாச்சி, ரேக், தராசு, பிரிட்ஜ் எல்லாம் விற்றதில் 70,000 இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துவிடுங்கள். முழுசாக வேண்டுமென்றால் என் இன்சூரன்ஸ் பாலிசி மூன்று வருடத்தில் முதிர்கிறது, அப்போது லட்சமும் தருகிறேன். வட்டி மட்டும் கேட்காதீர்கள்" என்றார்.

30,000 போகிறதே என்றுதான் முதலில் மனம் பதறியது. ஆனால் லட்சம் வரப்போவது இன்றல்ல. மூன்று வருடம் கழித்து வரும் லட்சத்துக்கு இன்று என்ன மதிப்பு என்று கண்டுபிடித்து, அதை 70,000 உடன் ஒப்பிட வேண்டும்.

வட்டி போட நமக்குத் தெரியும். 100 ரூபாய் வருடத்துக்கு 12 சதவீதத்தில் 112 ஆகும். அதாவது 1.12 ஆல் பெருக்குகிறோம். எதிர்காலத் தொகையை இன்றைக்குக் கொண்டுவர இதையே திருப்பிச் செய்ய வேண்டும். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு தடவை 1.12 ஆல் வகுக்க வேண்டும்.

1,00,000 ஐ 1.12 ஆல் வகுத்தால் 89,286. அதை மறுபடி வகுத்தால் 79,719. மூன்றாம் தடவை வகுத்தால் 71,178. இதுதான் இன்றைய மதிப்பு. சரிதானா என்று பார்க்க 71,178 ஐ மூன்று தடவை 1.12 ஆல் பெருக்கிப் பாருங்கள். சில பைசா குறைய லட்சம் வந்து நிற்கும்.

இந்த இடத்தில் நம்மில் பலர் தவறுகிறோம். 12 சதவீதம், மூன்று வருடம், ஆக 36 சதவீதம், லட்சத்தில் 36,000 கழித்தால் 64,000 என்று மனக்கணக்காகச் சொல்லிவிடுகிறோம். அந்த 64,000 ஐ மூன்று வருடம் கூட்டு வட்டிக்கு விட்டால் 89,915 தான் ஆகும், லட்சம் ஆகாது. இன்று கையில் இல்லாத லட்சத்துக்கு வட்டியைக் கழித்ததுதான் பிழை. இப்படிப் போட்டவர் 65,000 கொடுத்தாலே லாபம் என்று நினைத்து வாங்கி, 6,000 க்கு மேல் இழப்பார்.

அடுத்தது, எந்த வட்டியை எடுப்பது என்பது. இதில்தான் முடிவே இருக்கிறது. வங்கிக் கடன் இல்லாமல், உபரிப் பணத்தை 7 சதவீத வைப்பில் போடுகிறவருக்கு அந்த லட்சத்தின் இன்றைய மதிப்பு 81,630. அவர் 70,000 ஐ வாங்கக் கூடாது. நம் நிலை வேறு. ஓவர்டிராஃப்டில் 12 சதவீதத்துக்குக் கடன் வாங்கித்தான் சரக்குப் போடுகிறோம். 70,000 வந்தால் அது நேரே அந்தக் கடனைக் குறைக்கும். ஆகவே நாம் செலுத்தும் வட்டியே நமக்கு அளவுகோல்.

அப்படிப் பார்த்தால் 70,000 வாங்குவதில் 1,178 ரூபாய் நஷ்டம். இங்கே நாமும் ஒன்றைக் கவனிக்காமல் விடப் பார்த்தோம். வங்கி வருடத்துக்கு ஒரு முறை வட்டி போடுவதில்லை, மாதாமாதம் பற்று எழுதுகிறது. நம் வழக்கில் சொன்னால் ஒரு ரூபாய் வட்டி, மாதம் வட்டிக்கு வட்டி. அதன்படி 1.01 ஆல் 36 தடவை வகுக்க வேண்டும். விடை 69,892. நஷ்டம் போய், 108 ரூபாய் நம் பக்கம் நின்றது. வருட வட்டி சொல்லும்போது அது எத்தனை மாதத்துக்கு ஒரு முறை கணக்கில் ஏறுகிறது என்று கேட்க வேண்டியது இதற்காகத்தான்.

இந்தக் கணக்கு, பணம் சொன்ன நாளில் வரும் என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு வருடம் தாமதமானால் இன்னொரு தடவை வகுக்க வேண்டும். வருடக் கணக்கில் 71,178 என்பது 63,552 ஆகிவிடும். வராமலே போகும் பயத்தை எந்த வகுத்தலும் காட்டாது. அதை ஆளைப் பார்த்து நாமே எடைபோட வேண்டும். தவணைக்கு ஒப்புக்கொள்கிறவர்கள் தொகையும் தேதியும் குறித்துக் கையெழுத்து வாங்குவது அவசியம். சரக்குப் பாக்கிக்குப் பொதுவாக மூன்று வருடம்தான் காலவரம்பு. எழுத்து இல்லாமல் மூன்று வருடம் காத்திருந்தால் கேட்கும் உரிமையே போகக்கூடும்.

108 ரூபாய் வித்தியாசத்துக்கு மூன்று வருடம் யார் காத்திருப்பது? "சரி தம்பி, 70,000 கொடுங்கள்" என்று வாங்கிக்கொண்டு பேரேட்டில் வரவு வைத்தோம். மீதி 30,000 ஐத் தள்ளுபடி என்று எழுதி, கணக்கு தீர்ந்தது என அவருக்கு ரசீதும் கொடுத்தோம்.