மின்சாரம் திரும்பியும் இன்டர்நெட் திரும்பாதது ஏன்?

சிங்கப்பூரில் ஊர் முழுதும் மின்சாரம் நிற்பது அபூர்வம். 2018-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி அதிகாலை 1.18 மணிக்கு அப்படி ஒரு தடை நேர்ந்தது. சுமார் 146,000 வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின. 38 நிமிடங்களில் மின்சாரம் திரும்பிவிட்டது. ஆனால் லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளில் வியாபாரம் செய்யும் நம்மவர்களுக்கு மின்சாரம் நிற்பது வேறு விதமாக. ஐஸ் பெட்டியில் சிறிது மின்கசிவு ஏற்பட்டாலும் போதும், சுவரிலுள்ள பாதுகாப்பு ஸ்விட்ச் 'டிரிப்' ஆகிவிடும். ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, ஸ்விட்சை மேலே தள்ளினால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது. இன்டர்நெட் மட்டும் செத்துக் கிடக்கிறது. கார்டு மெஷின் ஓடாது. கேமராவைத் தொலைபேசியில் பார்க்க முடியாது. வாடிக்கையாளர் வரிசையில் நிற்கிறார்.

இந்நிலையில் கடைப் பையன், "காக்கா, வைஃபை கோடு முழுசா இருக்கு, ஆனா ஒண்ணும் திறக்க மாட்டேங்குது" என்பான். அவன் சொல்வது சரிதான். அந்தக் கோடுகள் தொலைபேசிக்கும் ரௌட்டருக்கும் இடையேயுள்ள சம்பந்தத்தை மட்டுமே காட்டுகின்றன. ரௌட்டருக்கு அப்பால் வழி இருக்கிறதா இல்லையா என்பது அந்தக் கோடுகளுக்குத் தெரியாது.

விஷயத்தை விளங்கிக்கொள்ள, கடையிலுள்ள இரண்டு பெட்டிகளின் வேலையைத் தனித்தனியே அறிய வேண்டும். சுவரில் அடித்திருக்கும் சிறு வெள்ளைப் பெட்டி வரையில் கண்ணாடி இழை வருகிறது. இந்நாட்டில் அந்த இழை நெட்லிங்க் நிறுவனத்தைச் சேர்ந்தது. நாம் மாதக் கட்டணம் கட்டும் கம்பெனி அதை வாடகைக்கு எடுத்து நடத்துகிறது. வெள்ளைப் பெட்டியிலிருந்து மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளை வயர் ஒன்று ஃபைபர் பெட்டிக்குப் போகிறது. ஓ.என்.டி. என்று டெக்னீஷியன்கள் சொல்வது இதைத்தான். இழையில் வரும் ஒளியைச் சாதாரண நெட்வொர்க் வயரில் போகக்கூடிய மின்குறிப்பாக மாற்றுவதே அதன் வேலை. அங்கிருந்து ஒரு வயர் ரௌட்டரின் 'WAN' என்று எழுதிய துளைக்குப் போகிறது. ரௌட்டர் அந்த ஒரே இணைப்பைக் கடையிலுள்ள எல்லாச் சாதனங்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. இவ்விரண்டும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய வகையும் உண்டு. அதை வைத்திருப்போருக்கு வரிசைத் தகராறு கிடையாது.

மின்சாரம் வந்ததும் இரண்டு பெட்டிகளும் ஒரே நொடியில் விழிக்கின்றன. ஆயினும் ஒரே நேரத்தில் தயாராவதில்லை. ஃபைபர் பெட்டி முதலில் தன்னுள் இருக்கும் புரோகிராமை ஏற்ற வேண்டும். பிறகு எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒளியைக் கண்டுபிடிக்க வேண்டும். அதன் பிறகு, "இன்ன நம்பருள்ள பெட்டி வந்திருக்கிறேன்" என்று பதிவு செய்துகொண்டு, பேச அனுமதி பெற வேண்டும். ஒரே இழையை அக்கம்பக்கத்தார் பலர் பங்கிட்டுக்கொள்வதால், ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக் கூடாது. ஆகவே இந்த முறை நியமனம் அவசியமாகிறது. ரௌட்டருக்கோ இந்தச் சடங்குகள் ஒன்றுமில்லை. எழுந்தவுடன், "எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்" என்று WAN துளை வழியே கேட்கத் தொடங்குகிறது. அந்த முகவரியைக் கொடுப்பது கம்பெனியின் கம்ப்யூட்டர். அது கிடைத்தால்தான் இன்டர்நெட்.

இங்கேதான் கோளாறு பிறக்கிறது. பல ஃபைபர் பெட்டிகள், ஒளிப் பதிவு முடியுமுன்பே ரௌட்டர் பக்கத்துத் துளையைத் திறந்துவிடுகின்றன. ரௌட்டர், வயரில் உயிர் இருப்பதைக் கண்டு, வழி திறந்துவிட்டது என எண்ணிக் கேட்கிறது. பதில் சொல்ல மறுபுறம் ஆள் இல்லை.

டன்லப் தெருவில் மளிகைக் கடை வைத்துள்ள நண்பர் ஒருவருக்கு இது நாலைந்து தடவை நேர்ந்தது. ஒரு நாள் கடை சாத்திய பிறகு, சுவர்க் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நாம் கணக்கெடுத்தோம். ஸ்விட்சைப் போட்ட 20-வது விநாடியில் ஃபைபர் பெட்டியின் 'LAN' விளக்கு எரிந்தது. 45-வது விநாடியில் ரௌட்டர் தயாராயிற்று. ஃபைபர் பெட்டியின் 'PON' விளக்கு மின்னிக்கொண்டே இருந்து, 150-வது விநாடியில்தான் நிலையாக நின்றது. ஆக, ரௌட்டர் தயாரான பிறகு 105 விநாடிகள் வழி அடைத்தே இருந்தது.

முகவரி கேட்பதற்கு ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். முதல் முறை பதில் இல்லையெனில் சுமார் 4 விநாடி பொறுத்துக் கேட்க வேண்டும்; பிறகு 8, பிறகு 16, 32, 64 என்று இடைவெளியை இரட்டித்துப் போக வேண்டும். எல்லாரும் ஒரே சமயத்தில் கூச்சலிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. நண்பரின் கடைக் கணக்கில் இதைப் போட்டுப் பாருங்கள். ரௌட்டர் 45-வது விநாடியில் முதல் முறை கேட்கும். பிறகு 49, 57, 73, 105 ஆகிய விநாடிகளில் கேட்கும். ஐந்தும் வீண். ஆறாவது முறை 169-வது விநாடியில் வரும்; அப்போது ஃபைபர் பெட்டி தயாராகி 19 விநாடி ஆகியிருக்கும்; முகவரி கிடைத்துவிடும். முறைப்படி நடக்கும் ரௌட்டருக்கு வரிசை தவறினாலும் பாதகமில்லை என்பது இதனால் விளங்கும். நண்பரின் ரௌட்டரோ அப்படிப்பட்டதல்ல. சில தடவை கேட்டுவிட்டு ஓய்ந்துவிடும் ஜாதி. மலிவு ரௌட்டர்களில் சில பல நிமிடங்கள் தூங்கிவிட்டு மறுபடி கேட்கும். சில கேட்பதே இல்லை. ஃபைபர் பெட்டி தயாரான சமயம் வயரில் எந்த மாற்றமும் இல்லாததால் ரௌட்டருக்குச் சேதி சொல்ல எவரும் இல்லை. கதவு முதலிலேயே திறந்திருந்தபடியால், இப்போது திறந்தது என்று அதற்குத் தோன்றாது.

இந்தக் கோளாறுதானா என்று அறிய விளக்குகளைப் பார்த்தால் போதும். ஃபைபர் பெட்டியில் 'LOS' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால், ஒளியே வரவில்லை என்று பொருள். மஞ்சள் வயர் மடங்கியிருக்கலாம், எலி கடித்திருக்கலாம். இதற்கு எந்த வரிசையில் ஸ்விட்ச் போட்டாலும் பயனில்லை. கம்பெனிக்குத்தான் சொல்ல வேண்டும். (அந்த வயரைக் கழற்றி முனையைக் கண்ணால் பார்க்க வேண்டாம், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தீங்கு செய்யும்.) 'PON' விளக்கு பத்து நிமிடத்துக்கு மேலும் மின்னிக்கொண்டே இருந்தால், பதிவு ஆகவில்லை, அதுவும் கம்பெனியின் காரியம். 'PON' நிலையாக எரிந்து, 'LOS' அணைந்து, ரௌட்டரின் இன்டர்நெட் விளக்கு மட்டும் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ இருந்தால், நாம் சொல்லும் வரிசைக் கோளாறு என்று பெரும்பாலும் நம்பலாம். உறுதி செய்துகொள்ள விரும்புவோர், ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியைத் தொலைபேசியில் தட்டி உள்ளே சென்று பார்க்கலாம். 'WAN IP' என்ற இடத்தில் 0.0.0.0 என்றிருந்தால், ரௌட்டர் கேட்டது கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

நிவாரணம் எளிது. ரௌட்டரின் WAN துளையிலுள்ள வயரை மட்டும் பிடுங்கி, பத்து விநாடி பொறுத்து மறுபடி செருகுங்கள். வழி அடைபட்டுத் திறந்ததை ரௌட்டர் உணர்ந்து, முதலிலிருந்து முகவரி கேட்கும். வைஃபை நிற்காது, கேமராக்கள் மறுபடி எழ வேண்டியதில்லை. இதில் சரியாகாவிட்டால், இரண்டு பெட்டிகளையும் அணைத்து அரை நிமிடம் விடுங்கள். ஃபைபர் பெட்டியை மட்டும் போட்டு, 'PON' நிலையாக நிற்கும் வரை காத்திருங்கள். அதன் பிறகே ரௌட்டர். இரண்டையும் ஒரே நீட்டிப்பு வயரில் மாட்டி ஒரே ஸ்விட்சில் அணைத்துப் போடுவது, பழைய கோளாறை மறுபடி விதைப்பதாகும். பலர் பத்துத் தடவை அணைத்துப் போட்டும் பலன் காணாதது இதனால்தான்.

அவசரத்தில் சிலர், ரௌட்டரைக் கழற்றிவிட்டு மடிக்கணினியை நேரே ஃபைபர் பெட்டியில் செருகிச் சோதிக்கின்றனர். சில இணைப்புகளில், ஒரு கடைக்கு ஒரு முகவரிதான் என்று கம்பெனி வைத்திருக்கும். அதை மடிக்கணினி வாங்கிக்கொண்டால், திரும்பச் செருகிய ரௌட்டருக்குக் கிடைக்காது. இப்போது கோளாறு இரண்டாகிவிட்டது. அப்படிச் சோதித்துவிட்டால் ஃபைபர் பெட்டியையும் ஒருமுறை அணைத்துப் போட்ட பிறகே ரௌட்டரை இணைக்க வேண்டும். அதுவும் உதவாவிடில், பழைய முகவரியின் தவணை தீரும் வரை காத்திருக்க வேண்டும், அல்லது கம்பெனியைக் கூப்பிட்டு நீக்கச் சொல்ல வேண்டும்.

கோளாறு கம்பெனியின் பக்கமே இருக்கும் நாளும் உண்டு. 2016-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி சிங்டெல் ஃபைபர் வாடிக்கையாளர்கள் பலர் இன்டர்நெட் இன்றித் தவித்தபோது, முகவரி வழங்கும் ஏற்பாடே பழுதாகியிருந்தது. அன்று எந்தக் கடையில் எந்த வரிசையில் போட்டிருந்தாலும் விளக்கு ஆரஞ்சாகவே இருந்திருக்கும். ஆகவே வயரைப் பிடுங்கிச் செருகி, வரிசைப்படியும் போட்டுப் பார்த்து, அப்போதும் 0.0.0.0 என்றிருந்தால், அக்கம்பக்கத்துக் கடையில் அதே கம்பெனி இணைப்பு ஓடுகிறதா என்று கேளுங்கள்.

மறுபடி வராமலிருக்க வழி உண்டா என்று நண்பர் கேட்டார். சில ரௌட்டர்களில், உதாரணமாக ஆசுஸ் வகையில், 'DHCP query frequency' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதில் 'Aggressive Mode' வைத்தால் விடாமல் கேட்கும். நண்பரின் ரௌட்டரில் அது இல்லை. பெரிய பேட்டரி வாங்கி எல்லாவற்றையும் அதில் மாட்டலாம் என்றார் டெக்னீஷியன் ஒருவர். அது வீண் செலவு என்பது நம் கருத்து. ஃபைபர் பெட்டி ஒன்றை மட்டும் சிறு பேட்டரியில் மாட்டினால் போதும். சுமார் 10 வாட்டுக்குள் தின்னும் சாதனம் அது. கைக்கு அடக்கமான 12 வோல்ட் பேட்டரிப் பெட்டியே ஒரு மணி நேரம் தாங்கும். தெருவில் மின்சாரம் நின்றாலும், எக்ஸ்சேஞ்சுக்குத் தனிப் பேட்டரி உண்டு. இடையிலுள்ள கண்ணாடிப் பிரிப்பான்களுக்கோ மின்சாரமே வேண்டாம். எனவே ஃபைபர் பெட்டி பதிவை இழக்காமல் விழித்தே இருக்கும். ரௌட்டர் எப்போது எழுந்தாலும் வழி திறந்திருக்கும்.

வாங்குமுன் ஃபைபர் பெட்டியின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் என்றிருந்தால் 12 வோல்ட்டே வேண்டும். ஆம்பியர் அதைவிடக் கூடலாம், குறையக் கூடாது. முள்ளின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்ற படமும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். நண்பர் கடையில் அதை மாட்டிய பின், வேண்டுமென்றே மெயின் ஸ்விட்சை மூன்று தடவை அணைத்துப் போட்டோம். மூன்று தடவையும் ரௌட்டர் எழுந்து ஒரு நிமிடத்துக்குள் முகவரி வந்துவிட்டது. பேட்டரி வருஷத்தோடு வலு குறையும். ஆகவே சுவர்ப் பிளக்கை ஆறு மாதத்துக்கொருமுறை பிடுங்கி, 'PON' விளக்கு எத்தனை நிமிடம் நிலையாக நிற்கிறது என்று பார்த்துக் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறோம்.