சதுரத்தின் நடுவில் இரண்டு பூச்சியங்கள்

இரண்டாம் தவணைப் பரீட்சையில் பௌதிகவியல் விடைத்தாள் கைக்கு வந்தபோது, நிலைமின்னியல் கணக்கின் கடைசி வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி மட்டும் எழுதியிருந்தது. "அந்த இடத்தில் ஓர் ஏற்றத்தை வைத்தால் அது அசையாதா?" புள்ளடி போட்டிருந்தால் நானும் பார்த்துவிட்டு மடித்து வைத்திருப்பேன். கேள்வி கேட்டிருந்ததால்தான் யோசிக்க வேண்டியதாயிற்று.

கணக்கு இதுதான். ABCD ஒரு சதுரம். A மேலே இடப்பக்கம், B மேலே வலப்பக்கம், C கீழே வலப்பக்கம், D கீழே இடப்பக்கம். மையத்திலிருந்து ஒவ்வோர் உச்சிக்கும் உள்ள தூரம் 10 சென்ரிமீற்றர். மேலே உள்ள A, B இரண்டிலும் +2 நனோகூலோம் வீதமும், கீழே உள்ள C, D இரண்டிலும் −2 நனோகூலோம் வீதமும் புள்ளி ஏற்றங்கள் உள்ளன. மையத்தில் மின்னழுத்தம் என்ன? மின்புலச் செறிவு என்ன?

அழுத்தத்தைச் சரியாகவே கண்டேன். ஒரு புள்ளி ஏற்றம் தன்னிலிருந்து r தூரத்தில் உண்டாக்கும் அழுத்தம் V = kq/r. இங்கே k என்பது 9 × 10⁹. இந்தச் சதுரத்தில் ஒரு நனோகூலோம் மையத்தில் 90 வோல்ற்றைத் தருகிறது. ஆகவே மேலிருந்து 180, 180. கீழிருந்து −180, −180. கூட்டினால் பூச்சியம். அதன் கீழே, "அழுத்தம் பூச்சியம், ஆகவே மின்புலச் செறிவும் பூச்சியம்" என்று எழுதி முடித்துவிட்டேன். அந்த "ஆகவே" தான் எனக்கு ஐந்து புள்ளிகளை இல்லாமற் செய்தது.

என் பக்கத்துக் கதிரையில் இருக்கும் தோழி அடுத்த பகுதியில் இதைத் தலைகீழாகச் செய்திருந்தாள். அங்கே நான்கு உச்சியிலும் +2 நனோகூலோம். எதிரெதிர் மூலைகள் ஒன்றையொன்று சமப்படுத்துவதால் மையத்தில் புலம் பூச்சியம் என்று அழகாகக் காட்டிவிட்டு, "ஆகவே அழுத்தமும் பூச்சியம்" என்று எழுதியிருந்தாள். உண்மையில் அங்கே அழுத்தம் நான்கு தடவை 180, அதாவது 720 வோல்ற்று. ஒரே பிழையை இருவரும் இரண்டு பக்கத்தாலும் செய்திருக்கிறோம் என்று சிரித்துக்கொண்டே ரீச்சரிடம் போனோம்.

ரீச்சர் கணக்கைத் தொடவேயில்லை. "மகள், கடற்கரையில் அலை வந்து தொடுகிற இடத்தில் பந்தை வைத்தால் என்ன நடக்கும்?" என்று கேட்டார். கடலுக்குள் உருளும் என்றேன். "அந்த இடத்தின் உயரம் எவ்வளவு?" கடல் மட்டம்தானே, பூச்சியம். "ஹோட்டன் சமவெளியின் உயரம் 2000 மீற்றருக்கும் மேலே. அங்கே தட்டையான ஓர் இடத்தில் பந்தை வைத்தால்?" அது வைத்த இடத்தில் இருக்கும். "உயரத்தின் இடத்தில் அழுத்தத்தை வையுங்கள். சரிவின் இடத்தில் புலத்தை வையுங்கள். பிறகு இரண்டு பேரும் உங்கள் 'ஆகவே'யைத் திரும்ப வாசியுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் கணக்கைத் திரும்பச் செய்தேன். புள்ளி ஏற்றம் ஒன்றின் மின்புலச் செறிவு E = kq/r². ஒரு நனோகூலோமுக்கு இந்த மையத்தில் அது கூலோமுக்கு 900 நியூற்றன். ஆனால் இது காவிக் கணியம். எவ்வளவு என்பதோடு எந்தப் பக்கம் என்பதும் வேண்டும். நேர் ஏற்றம் தன்னை விட்டு விலகும் திசையிலும், மறை ஏற்றம் தன்னை நோக்கிய திசையிலும் புலத்தைத் தரும். A இலுள்ள +2 மையத்தில் C ஐ நோக்கி 1800 தருகிறது. C இலுள்ள −2 உம் தன்னை நோக்கியே 1800 தருகிறது. ஒன்றையொன்று அழிக்கும் என்று நான் நினைத்த இரண்டும் ஒரே பக்கம் இழுக்கின்றன! ஆகவே AC வழியே 3600. அதேபோல BD வழியே D ஐ நோக்கி 3600. மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்டுவதால் பைதகரசின் தேற்றப்படி விளையுள் 3600√2, ஏறத்தாழ 5090. திசை நேரே கீழ்நோக்கி, AB இலிருந்து CD பக்கமாக.

சரிவு என்ற சொல்லைச் சோதித்துப் பார்க்கவும் முடியும். மையத்தினூடாக AB க்குச் சமாந்தரமாக ஒரு கோடு வரைந்தால், அதிலுள்ள எந்தப் புள்ளியும் A, D இரண்டிலிருந்தும் சம தூரம். B, C இரண்டிலிருந்தும் சம தூரம். ஆகவே அக்கோடு முழுவதிலும் அழுத்தம் பூச்சியம். அதுதான் நமது கடற்கரையோரம். அதிலிருந்து AB பக்கமாக ஒரு மில்லிமீற்றர் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ +5 வோல்ற்று. CD பக்கமாக ஒரு மில்லிமீற்றர் இறங்கினால் ஏறத்தாழ −5 வோல்ற்று. மீற்றருக்கு 5090 வோல்ற்று என்ற சரிவும் கூலோமுக்கு 5090 நியூற்றன் என்ற புலமும் ஒன்றேதான். மையத்தில் ஒரு சிறு நேர் ஏற்றத்தை வைத்தால் நிச்சயமாக அசையும், CD பக்கமாக. சிவப்பு மைக் கேள்விக்கு விடை அது.

இதற்கிடையில் ராத்தா வந்து எட்டிப் பார்த்தார். அவர் உயர்தரம் முடித்து இரண்டு வருடமாகிறது. என் பழைய தாளில் ஒவ்வொரு புலத்தையும் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் பிரித்து, எட்டு இடத்தில் கோசைன் 45 போட்டு நிரப்பியிருந்ததைக் கண்டார். ஒன்றும் பேசாமல் தாளை எடுத்து 45 பாகை திருப்பி வைத்தார். சதுரம் ஒரு பட்டம் போல நின்றது. மூலைவிட்டங்களே இப்போது இரு அச்சுகள். ஒவ்வோர் ஏற்றமும் ஓர் அச்சின் மேல் இருக்கிறது. பிரிக்க வேண்டியது எதுவுமில்லை. எதிரெதிர் மூலைகளின் வித்தியாசத்தை எடுத்தால் போதும்.

அந்த முறையில் அவர் தந்த கணக்கை இங்கே முழுமையாகத் தருகிறேன். அதே சதுரத்தில் A இல் +4, B இல் +3, C இல் +1, D இல் −1 நனோகூலோம். AC வழியே வித்தியாசம் 4 − 1 = 3; ஆகவே C ஐ நோக்கி 2700. BD வழியே வித்தியாசம் 3 − (−1) = 4; ஆகவே D ஐ நோக்கி 3600. இரண்டும் செங்குத்து, விகிதம் 3 : 4. விளையுள் கூலோமுக்கு 4500 நியூற்றன். மையத்திலிருந்து D க்குச் செல்லும் கோட்டுடன் C பக்கமாக ஏறத்தாழ 37 பாகை சாய்ந்திருக்கும். அழுத்தத்துக்கு வித்தியாசம் தேவையில்லை, கூட்டுத்தொகை மட்டும்: 4 + 3 + 1 − 1 = 7. ஆகவே 630 வோல்ற்று.

பிறகு ராத்தா, "இந்த நான்கையும் இடம் மாற்றி உட்கார வை" என்றார். நான்கு ஏற்றங்களை நான்கு உச்சிகளில் 24 விதமாக வைக்கலாம். எந்த விதமாக வைத்தாலும் அழுத்தம் 630 தான். தூரம் எல்லாம் சமமாக இருக்கும்போது எண்ணிக் கணியத்துக்கு யார் எங்கே இருக்கிறார் என்பது முக்கியமில்லை. புலத்துக்கோ யாருக்கு எதிரே யார் என்பதுதான் எல்லாம். +4 க்கு எதிரே +1 இருந்தால் 4500. எதிரே +3 இருந்தால் வித்தியாசங்கள் 1, 2 ஆகி 2012 அளவுக்குக் குறைந்துவிடும். எதிரே −1 இருந்தால் வித்தியாசங்கள் 5, 2 ஆகி 4847 வரை ஏறும். 24 விதத்திலும் பருமன் இந்த மூன்றில் ஒன்றுதான்; திசை மட்டும் மாறும். முதற் கணக்கின் ஏற்றங்களையே நேர், மறை, நேர், மறை என்று மாறி மாறி வைத்தால் எதிரெதிர் மூலைகள் சமமாகி, புலமும் பூச்சியமாகும். ஆக, இரண்டும் ஒன்றாகப் பூச்சியமாவதும் உண்டு. ஆனால் ஒன்றினால் மற்றது அல்ல.

பரீட்சையில் மையத் தூரத்தை நேராகத் தரமாட்டார்கள், பக்கம் a என்றுதான் தருவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மையத் தூரம் a/√2. அழுத்தத்தில் அது ஒரு தடவை வருவதால் √2 kq/a. புலத்தில் வர்க்கமாக வருவதால் மூலம் மறைந்து 2kq/a². ஓர் ஏற்றத்தின் புலத்தில் √2 மிஞ்சியிருந்தால் எங்கோ வர்க்கிக்க மறந்திருக்கிறீர்கள்.

தோழியின் சதுரத்துக்குத் திரும்புவோம். நான்கிலும் +2, மையத்தில் 720 வோல்ற்று, புலம் பூச்சியம். அங்கே +1 நனோகூலோமை வைத்தால் அசையாது என்று அவள் சொன்னாள், அது சரி. "சற்றுத் தட்டிவிட்டால் திரும்பி வருமா?" என்று நான் கேட்டேன். தாளின் தளத்துக்குள் எந்தப் பக்கம் தட்டினாலும், கிட்டே போகும் மூலைகள் கூடுதலாகத் தள்ளுவதால் மையத்துக்கே திரும்பி வரும். கிண்ணத்துக்குள் கிடக்கும் கோலிக்குண்டு போல என்று இருவரும் முடிவு செய்தோம்.

ரீச்சர் கேட்டுவிட்டு, "தாளுக்கு மேலே தூக்கிப் பார்த்தீர்களா?" என்றார். பார்க்கவில்லை. மையத்துக்கு நேர் மேலே 10 சென்ரிமீற்றர் உயரத்தில், ஒவ்வோர் உச்சிக்கும் தூரம் 10√2 சென்ரிமீற்றர். அழுத்தம் 720/√2, ஏறத்தாழ 509 வோல்ற்று. மேலே போகப் போக அழுத்தம் குறைகிறது, கீழேயும் அப்படித்தான். தளத்துக்குள் கிண்ணமாக இருப்பது, தளத்துக்குக் குறுக்கே குன்றின் உச்சியாக இருக்கிறது. மயிரிழை விலகினால் போதும், நான்கு ஏற்றங்களும் சேர்ந்து அதை வெளியே தள்ளிவிடும். நிலையான ஏற்றங்களை மட்டும் வைத்து, இன்னோர் ஏற்றத்தை எல்லாத் திசையிலும் உறுதியாகப் பிடித்து வைக்க முடியாது என்பதை சாமுவேல் ஏர்ன்ஷோ 1842 இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டிவிட்டார் என்று ரீச்சர் சொன்னார்.

புலம் பூச்சியமான அந்த இடத்தில் 720 வோல்ற்று எதற்கு உதவும் என்று அதுவரை எனக்கு விளங்கவில்லை. இப்போது கணக்கிட்டுப் பார்த்தேன். மையத்தில் ஓய்விலிருந்து நழுவும் +1 நனோகூலோம், 10 சென்ரிமீற்றர் மேலே வரும்போது 211 வோல்ற்று இறங்கியிருக்கும், 2.11 × 10⁻⁷ யூல் இயக்கசக்தியைப் பெற்றிருக்கும். எல்லையில்லாத் தூரம் சென்றால் 7.2 × 10⁻⁷ யூல். அந்த ஏற்றத்தை முடிவிலியிலிருந்து மையத்துக்குக் கொண்டுவரச் செய்த வேலையும் அதே அளவுதான்.