திடீர் மின்தடையும் கணினிக் கோப்புகளும்: வீட்டுக்கு யு.பி.எஸ். வேண்டுமா, ஸ்டெபிலைசர் போதுமா?

வினாத்தாள், மதிப்பெண் பட்டியல், பாடக்குறிப்பு என நம் வேலையில் ஒரு பகுதி இப்போது வீட்டுக் கணினியில் நடக்கிறது. கணினி வாங்கும் ஆசிரிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "ஸ்டெபிலைசர் வைத்திருக்கிறேனே, யு.பி.எஸ். எதற்கு?" என்பதுதான். மின்சாரம் போகும் நொடியில் கணினிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இதற்கு விடை கிடைத்துவிடும்.

கோப்பு ஏன் கெடுகிறது?

நாம் ஒரு கோப்பைச் சேமித்தவுடன் அது முழுவதும் வன்தட்டில் எழுதப்பட்டுவிடுவதில்லை. வேகத்துக்காக விண்டோஸ் அதை முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, சற்றுப் பின்னர் தட்டில் எழுதுகிறது. இடையில் மின்சாரம் போனால் நினைவகத்தில் இருந்தது அழிந்துவிடும். தட்டில் பாதி எழுதப்பட்டது பாதியாகவே நிற்கும்.

விண்டோஸ் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். கோப்பு முறையில் இதற்கு ஒரு பாதுகாப்பு உண்டு. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அமைப்பில் செய்யும் மாற்றங்களை அது ஒரு பதிவேட்டில் குறித்து வைக்கும். மின்சாரம் வந்ததும் அதைப் பார்த்து அமைப்பைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் அந்தப் பதிவேடு காப்பது கோப்புகளின் அமைப்பைத்தான். கோப்புக்குள் இருக்கும் உள்ளடக்கத்தை அல்ல. அதனால்தான் பட்டியலில் கோப்பின் பெயர் இருந்தும், திறந்தால் வெறுமையாக இருக்கிறது.

விண்டோஸின் சொந்தக் கோப்புகள் பெரும்பாலும் படிக்கப்படுகின்றனவே தவிர, எழுதப்படுவதில்லை. அவற்றுக்கு உண்மையான ஆபத்து புதுப்பித்தல் நடக்கும்போதுதான். அப்போது பழைய கோப்புகளின் இடத்தில் புதியவை வைக்கப்படுகின்றன. அந்த நேரத்தில் மின்சாரம் போனால் கணினி மறுமுறை தொடங்காமலே போகலாம்.

ஒரு வீட்டில் பார்த்தது

சக ஆசிரியை ஒருவரின் மேசைக் கணினி அடிக்கடி தானாக அணைந்து எழுந்தது. சில செயலிகள் திறக்கவில்லை. கரண்ட் போகாதபோதும் இப்படி ஆகிறது என்பது அவர் குறை. கணினியிலேயே சாட்சி இருக்கும் என்பதால் Event Viewer-ஐத் திறந்து, Windows Logs, பிறகு System என்று போய்ப் பார்த்தோம். முறையாக அணைக்காமல் கணினி நின்றிருந்தால் அங்கே 41, 6008 என்ற எண்களில் பதிவுகள் இருக்கும். 41-ஆம் பதிவு, கணினி மீண்டும் எழுந்த நேரத்தையே காட்டும். நின்றுபோன நேரம் 6008-இன் விவரத்துக்குள் எழுதப்பட்டிருக்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

ஒரு மாதத்தில் ஆறு பதிவுகள் இருந்தன. நான்கு, ஊரில் மின்தடை ஏற்பட்ட நேரங்கள். மீதி இரண்டும் மாலை ஏழு மணியையொட்டியவை. அது அவர்கள் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் போடும் நேரம். கணினி இருக்கும் பிளக்கில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தோம். நண்பகலில் 222 வோல்ட் இருந்தது, மாலையில் 178-க்கு இறங்கியது. மோட்டார் ஓடத் தொடங்கிய கணத்தில் இன்னும் கீழே போய் மீண்டது. விளக்கு சற்று மங்கியதே தவிர அணையவில்லை. கணினி மட்டும் அணைந்தது. ஆக, அந்த வீட்டில் மின்தடை, மின்னழுத்தத் தாழ்வு என்று குறைகள் இரண்டு.

ஸ்டெபிலைசர் செய்வதும் செய்யாததும்

ஸ்டெபிலைசருக்குள் ஒரு மின்மாற்றியும் சில ரிலேக்களும் இருக்கின்றன. மின்னழுத்தம் குறைந்தால் கூட்டியும், கூடினால் குறைத்தும் கொடுக்கும். அதில் பேட்டரி இல்லை. ஆகவே மின்சாரம் போனால் அதுவும் கூடவே போய்விடும். அழுத்தம் அதன் எல்லையைத் தாண்டினால் கருவியைக் காக்க இணைப்பைத் துண்டித்துவிடும். குளிர்பதனப் பெட்டிக்கு அது நல்லது. எழுதிக்கொண்டிருக்கும் கணினிக்கோ அதுவும் ஒரு மின்தடைதான்.

கணினியின் மின்வழங்கிப் பெட்டி, மின்சாரம் நின்ற பிறகும் ஏறத்தாழ 16 மில்லி நொடி தாக்குப்பிடிக்கும். யு.பி.எஸ். பொதுவாக 10 மில்லி நொடிக்குள் பேட்டரிக்கு மாறிவிடுகிறது. கணினி அணையாமல் இருப்பது இந்தச் சிறு இடைவெளியால்தான்.

யு.பி.எஸ்.ஸிலும் வகை உண்டு. 'லைன் இன்டராக்டிவ்' வகையில் ஸ்டெபிலைசரின் வேலையும் சேர்ந்தே இருக்கிறது. அழுத்தம் ஓரளவு குறைந்தால் பேட்டரிக்குப் போகாமலே கூட்டிக் கொடுக்கும். ஆசிரியை வீட்டின் இரண்டு குறைகளுக்கும் அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

எவ்வளவு திறன், எவ்வளவு நேரம்?

அட்டையில் உள்ள வி.ஏ. எண்ணை மட்டும் பார்க்காமல் வாட் எண்ணைப் பாருங்கள். 600 வி.ஏ. என்று விற்கப்படுவது பெரும்பாலும் 360 வாட்தான் தரும். அலுவல் வேலைக்கான கணினி, திரை, ரவுட்டர் மூன்றும் சேர்ந்து 120 வாட் அளவில் எடுத்தால் அது தாராளம். உள்ளிருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியின் கணக்கு 84 வாட்-மணி. ஆனால் வேகமாக வெளியேற்றும்போதும் மின்சாரத்தை மாற்றும்போதும் பாதிக்கு மேல் இழப்பாகும். எனவே 15 நிமிடம் என்று கொள்ளலாம். தொடர்ந்து வேலை செய்ய அல்ல, சேமித்து அணைக்கவே அந்த நேரம். லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் மாட்டக் கூடாது. அது சூடாகும்போது எடுக்கும் மின்சாரத்தை யு.பி.எஸ். தாங்காது.

மாலை முழுவதும் அழுத்தம் மிகவும் தாழ்ந்தே இருந்தால் யு.பி.எஸ். பேட்டரியிலேயே ஓடித் தீர்ந்துவிடும். அங்கே ஸ்டெபிலைசரை யு.பி.எஸ்.ஸுக்கு முன்னால் வைக்கலாம். பின்னால் வைக்கக் கூடாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்புறம் 'யு.பி.எஸ்.' என்ற சுவிட்ச் நிலை இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண நிலையில் அது மெதுவாக மாறுவதால் கணினி அணைந்துவிடும். மடிக்கணினிக்கு அதன் பேட்டரி நன்றாக இருக்கும்வரை யு.பி.எஸ். தேவையில்லை.

கெட்டதைச் சரிசெய்தல்

முதலில் உங்கள் கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுங்கள். மின்சாரத்தை உறுதிப்படுத்திய பிறகே பழுது நீக்கத் தொடங்குங்கள். பாதியில் மின்சாரம் போனால் கேடு கூடும். Command Prompt-ஐ நிர்வாகி உரிமையுடன் திறந்து ஒவ்வொன்றாக இடுங்கள்.

```
chkdsk C: /f
DISM /Online /Cleanup-Image /RestoreHealth
sfc /scannow
```

முதல் கட்டளை கோப்பு அமைப்பைச் சரிசெய்யும். அடுத்த தொடக்கத்தில் நடத்தலாமா என்று கேட்டால் Y என்று இட்டு, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். இரண்டாவது, நல்ல கோப்புகளின் இருப்பைச் செப்பனிடும். அதற்கு இணையம் வேண்டும். மூன்றாவது, அந்த இருப்பிலிருந்து எடுத்து, கெட்ட விண்டோஸ் கோப்புகளின் இடத்தில் வைக்கும். நம் வினாத்தாள் கெட்டிருந்தால் இவை அதை மீட்டுத் தராது. அதற்கு நகல் மட்டுமே வழி.

chkdsk முடிவில் bad sectors என்ற வரியில் 0 KB என்று இருந்தால் தட்டில் பழுதான பகுதி எதுவும் காணப்படவில்லை என்று பொருள். ஆசிரியையின் கணினியில் அப்படித்தான் இருந்தது. மூன்று கட்டளைகளும் முடிந்தபின் செயலிகள் திறந்தன. அந்த எண் ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனால் தட்டே தேய்கிறது, யு.பி.எஸ். அதைக் காக்காது, தட்டை மாற்ற வேண்டும்.

யு.பி.எஸ். பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் வலுவிழக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கோப்புகளை எல்லாம் மூடிவிட்டு, சுவர் சுவிட்சை அணைத்து எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று குறித்து வையுங்கள். 15 நிமிடம் ஓடியது 5 நிமிடத்துக்கு வந்தால் பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.