அண்ணனோடு 'நி' வந்தால் சாப்பிட்டது யார்?

ஜப்பானிய மொழியில் செயப்பாட்டு வினையிலும் பிறவினையிலும் செயலைச் செய்கிறவரைக் காட்டும் உருபு பெரும்பாலும் 'நி'தான். அதே உருபு வேறிடங்களில் நம் நான்காம் வேற்றுமை போலப் பெறுகிறவரையும் காட்டும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

செய்ய வேண்டியவை

• முதலில் வினைமுற்றைப் பாருங்கள், பிறகு உருபுக்கு வாருங்கள். 'அனி நி நத்தோ ஒ' என்று ஒரு வாக்கியம் தொடங்குகிறது. அனி என்றால் அண்ணன். நத்தோ, புளிக்கவைத்த சோயா. 'ஒ' நம் 'ஐ' போன்றது. சொல்லாமல் விட்ட எழுவாய் 'நான்'.

'தபெஸஸெத' என்று முடிந்தால், அண்ணனைச் சாப்பிட வைத்தேன். சாப்பிட விட்டேன் என்றும் பொருள்படும். சாப்பிட்டவர் அண்ணன்.

'தபெரரெத' என்று முடிந்தால், என் நத்தோவை அண்ணன் சாப்பிட்டுவிட்டார், எனக்கு அதில் வருத்தம். இங்கும் சாப்பிட்டவர் அண்ணன்.

'தபெஸஸெரரெத' என்றால் ஆள் மாறிவிடுகிறார். அண்ணன் வற்புறுத்தினார், சாப்பிட்டது நான். பிறவினை மேல் செயப்பாட்டு ஏறிய இந்த வடிவத்தில் 'நி' காட்டுவது ஏவியவரை. பயிற்சி செய்ய இந்த மூன்றையும் விட நல்ல வரிசை எனக்குத் தெரியாது.

• எழுதுதல், கட்டுதல், கண்டுபிடித்தல் போல ஒன்றைப் புதிதாக உண்டாக்கும் வினைகளில் ஆக்கியவருக்கு 'நி யொத்தெ' போடுங்கள். 'கெஞ்சி மொனொகதரி' என்ற நூல் முரஸகி ஷிகிபு 'நி யொத்தெ' எழுதப்பட்டது. வெறும் 'நி' போட்டால் அவருக்கு எழுதியது போல ஒலிக்கும்.

• கொடுத்தல், அனுப்புதல் ஆகியவற்றிலும் இதே ஆபத்து உண்டு. கொடுத்தவருக்குக் 'கர' போட்டால் பெற்றவரோடு கலக்காது.

செய்யக்கூடாதவை

• தமிழில் 'ஆல்' வருகிற இடமெல்லாம் 'நி யொத்தெ' போடாதீர்கள். பாதிப்பைச் சொல்லும் செயப்பாட்டில் அது பொருந்தாது. 'அமெ நி ஃபுரரெத' என்றால் மழை பெய்து நான் அவதிப்பட்டேன். 'பெய்' என்ற செயப்படுபொருள் குன்றிய வினையைத் தமிழில் செயப்பாட்டாக்க முடியாது. ஜப்பானியத்தில் முடியும், மழைக்கு 'நி' மட்டுமே.

• ரயிலில் யாரோ உங்கள் காலை மிதித்தால் காலை எழுவாயாக்காதீர்கள். பாதிக்கப்பட்டவர் நீங்கள், கால் 'ஒ'வோடு நிற்கட்டும்: 'ஆஷி ஒ ஃபுமரெத'.

• ஒரு வினைக்கு இரண்டு 'ஒ' போடாதீர்கள். 'குழந்தையை மாத்திரையை விழுங்க வைத்தாள்' என்று தமிழில் இரண்டு 'ஐ' வரலாம். ஜப்பானியத்தில் மருந்துக்கு 'ஒ' போய்விட்டதால் குழந்தைக்கு 'நி'தான்: 'கொதொமொ நி குஸுரி ஒ நொமஸெத'.

செயப்படுபொருள் இல்லாத வினையில் 'ஒ', 'நி' இரண்டில் எதுவும் வரலாம். 'கொதொமொ ஒ இகஸெத' என்பது பிள்ளையை வற்புறுத்தி அனுப்பியதன் பக்கம் சாயும். 'கொதொமொ நி' அவன் விருப்பத்தோடு போனதன் பக்கம். இது சாய்வுதான், முடிவு செய்வது சூழல். ஆனால் அழுகை, சிரிப்பு போலத் தானாக வருவதைச் சொல்லும்போது 'நி' போடாதீர்கள். எல்லோரையும் சிரிக்க வைத்தான் என்பது 'மின்ன ஒ வரவஸெத'.